நேரடியாகப் போட்டால் நெகட்டிவ், டைல்யூட் செய்தால் பாசிட்டிவ்: ஒட்டுவதும் திரள்வதும் வேறு வேறு

கேள்வி: சிபிலிசுக்குப் பார்க்கும் ஆர்பிஆர் டெஸ்டில் ஒரு சீரத்தை அப்படியே போட்டேன், நெகட்டிவ். 1:16 டைல்யூட் செய்து போட்டால் பளிச்சென்று பாசிட்டிவ். ஆன்டிபாடி அதிகமாக இருந்தால் இன்னும் நன்றாகத்தானே ஒட்ட வேண்டும்? இதற்கும் அஃபினிட்டி, அவிடிட்டி என்று சொல்கிறார்களே, அதற்கும் என்ன தொடர்பு?

பதில்:

ஆன்டிபாடி ஆன்டிஜெனில் ஒட்டுவது ஒரு நிகழ்வு. அப்படி ஒட்டியவை ஒன்றையொன்று கோத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் திரள்வது இன்னொரு நிகழ்வு. உங்கள் டெஸ்ட் கார்டின் நெகட்டிவ் வட்டத்தில் முதல் நிகழ்வு தாராளமாகவே நடந்திருக்கிறது. இரண்டாவதுதான் நடக்கவில்லை. நாம் கார்டில் பார்த்து எழுதுவது இரண்டாவதை மட்டுமே என்பதால் "நெகட்டிவ்" என்று எழுதுகிறோம். அஃபினிட்டியும் அவிடிட்டியும் ஒட்டுதலின் வலிமையைச் சொல்லும் சொற்கள். திரளுமா திரளாதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஆன்டிபாடிக்கும் ஆன்டிஜெனுக்கும் உள்ள விகிதம்.

ஒட்டுதலிலிருந்து தொடங்கலாம். ஒரு ஆன்டிபாடியை ஒரு கையாகவும், ஆன்டிஜெனில் அது பற்றிக்கொள்ளும் இடத்தை, அதாவது எபிடோப்பை, ஒரு பிடியாகவும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கை ஒரே ஒரு பிடியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்பதே அஃபினிட்டி. இந்தப் பற்றுதல் நிரந்தரமானது அல்ல. கை பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். பிடிக்கும் வேகத்துக்கும் விடும் வேகத்துக்கும் உள்ள கணக்குதான் அஃபினிட்டியின் அளவு. பெரும்பாலும் வித்தியாசத்தை உண்டாக்குவது விடும் வேகம். விடும் வேகம் நொடிக்கு 0.001 என்றால், பற்றிய கைகளில் பாதி விடுபடச் சுமார் பதினொன்றரை நிமிடம் ஆகும். அதே வேகம் நொடிக்கு 0.1 என்றால் 7 நொடியில் பாதி விடுபட்டுவிடும். பிடிக்கும் வேகம் இரண்டுக்கும் ஒன்றே என்றால், இந்த இரண்டு ஆன்டிபாடிகளுக்கும் அஃபினிட்டியில் 100 மடங்கு வித்தியாசம்.

ஆனால் எந்த ஆன்டிபாடியும் ஒற்றைக் கையோடு வருவதில்லை. ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள். ஐஜிஎம் என்ற வகைக்குக் கணக்கில் பத்து. பெரிய ஆன்டிஜென் என்றால் இடநெருக்கடியால் அவற்றில் ஐந்து பற்றினாலே அதிகம். ஒரு கை நழுவினாலும் மற்றக் கைகள் பிடித்திருக்கும். நழுவிய கையும் தூரம் போய்விடாமல் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும், சட்டென்று மறுபடி பற்றிக்கொள்ளும். ஒரு கை பத்தில் ஒரு பங்கு நேரம் விடுபட்டு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு கைகளும் ஒரே சமயத்தில் விடுபட்டிருப்பது நூறில் ஒரு பங்கு நேரம்தான். ஐந்து கைகள் என்றால் லட்சத்தில் ஒன்று. கைகள் ஒன்றையொன்று சாராமல் இயங்குகின்றன என்று எளிமைப்படுத்திய கணக்கு இது. உண்மையில் ஐஜிஎம்மின் வடிவமும் வளைவும் குறுக்கிடும். ஆனாலும் போக்கு இதுதான்: பலவீனமான கைகள் பல சேர்ந்தால், பலமான ஒற்றைக் கையைவிட உறுதியாகப் பற்ற முடியும். இந்த ஒட்டுமொத்தப் பிடிமானம்தான் அவிடிட்டி.

இங்கே பலரும் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. அஃபினிட்டி ஒரு கைக்கும் ஒரு பிடிக்கும் உள்ள உறவு. அவிடிட்டி அப்படி ஆன்டிபாடிக்கு மட்டுமே சொந்தமான குணம் அல்ல. ஆன்டிஜெனில் பிடிகள் எத்தனை, எவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன என்பதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறது. ஒரு சின்னப் புரதம் குறிப்பிட்ட பிடியை ஒரே ஒரு முறைதான் காட்டுகிறது என்றால், ஐஜிஎம்மின் மற்றக் கைகளுக்கு அந்த மூலக்கூறில் வேலையே இல்லை. அதே ஐஜிஎம், அதே பிடி வரிசையாக அடுக்கியிருக்கும் ஒரு பாக்டீரியாவின் மேல் வந்து உட்கார்ந்தால் எளிதில் பிரியாது. ஆக, "இந்த ஆன்டிபாடியின் அவிடிட்டி எவ்வளவு" என்று கேட்டால், "எந்த ஆன்டிஜென்மேல்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

சரி, பிடிமானம் உறுதியாக இருந்தால் மட்டும் திரண்டுவிடுமா? திரளாது. இதற்கு மிக அழகான சான்று 1959-இல் ராட்னி போர்ட்டர் செய்த வேலையிலிருந்து கிடைக்கிறது. அவர் பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பாயின் என்ற நொதியைக் கொண்டு ஐஜிஜியை வெட்டினார். கைகள் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்தன. பிரிந்த ஒவ்வொரு கையும் ஆன்டிஜெனை முன்போலவே பற்றியது. ஆனால் வீழ்படிவு வரவில்லை. அது மட்டுமல்ல, இந்த ஒற்றைக் கைகளை முதலில் போட்டுவிட்டு, பிறகு முழு ஆன்டிபாடியைச் சேர்த்தால் அதற்கும் வீழ்படிவு தடைபட்டது, ஏனென்றால் பிடிகளெல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. பின்னால் பெப்சினைக் கொண்டு வெட்டியபோது இரண்டு கைகளும் சேர்ந்தே ஒரு துண்டாக வந்தன. அந்தத் துண்டு வீழ்படிவைக் கொடுத்தது. கையின் பிடிப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஒரே மூலக்கூறு இரண்டு ஆன்டிஜென்களை இழுத்துச் சேர்க்க முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

இந்த ஒற்றைக் கைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நெகட்டிவ் வட்டத்தில் நடந்தது கிட்டத்தட்ட இதேதான், வெட்டாமலேயே.

ஆறு பிடிகள் உள்ள ஒரு ஆன்டிஜெனை எடுத்துக்கொள்வோம், ஆன்டிபாடி இரண்டு கை ஐஜிஜி. முதலில் ஆன்டிபாடியைக் கொட்டிவிடுகிறோம். ஒவ்வொரு ஆன்டிஜெனின் ஆறு பிடிகளையும் ஆறு ஐஜிஜிகள் ஓடிவந்து ஆளுக்கொன்றாகப் பற்றிக்கொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இன்னொரு கை சும்மா இருக்கிறது. அந்தக் கை பக்கத்து ஆன்டிஜெனைத் தேடுகிறது, ஆனால் அங்கேயும் ஆறு பிடிகளும் போய்விட்டன. பாலம் போட ஒரு முனைக்கு இடமே இல்லை. ஒவ்வொரு ஆன்டிஜெனும் ஆன்டிபாடிப் போர்வை போர்த்திக்கொண்டு தனித்தனியாக மிதக்கிறது. இதுதான் புரோசோன்.

இப்போது ஆன்டிபாடியைக் குறைப்போம். ஓர் ஆன்டிஜெனுக்கு மூன்று ஐஜிஜி என்று வந்தால், ஆறு கைகளுக்கு ஆறு பிடிகள். ஒவ்வொரு ஐஜிஜியும் இரண்டு ஆன்டிஜென்களுக்கு நடுவே நிற்க முடியும். ஓர் ஆன்டிஜென் பல திசைகளில் அண்டை ஆன்டிஜென்களோடு கட்டப்படுகிறது, அவை அடுத்தவற்றோடு, இப்படியே ஒரு வலை விரிந்து, கனத்து, கரைசலிலிருந்து வெளியே வருகிறது. இது சமநிலைப் பகுதி.

இன்னும் குறைத்து, ஆன்டிஜென் மிகுதியாக இருக்கும்படி செய்தால் மறுபடியும் வலை போய்விடும், காரணம்தான் வேறு. இம்முறை ஒவ்வொரு ஐஜிஜியின் இரண்டு கைகளும் நிரம்பியிருக்கின்றன, ஆளுக்கு இரண்டு ஆன்டிஜென். ஆனால் அந்த ஆன்டிஜென்களை மற்றவற்றோடு கட்ட வேறு ஐஜிஜி மிச்சமில்லை. இரண்டு ஆன்டிஜென், நடுவே ஓர் ஆன்டிபாடி என்ற குட்டிக் கூட்டங்கள் கரைந்தே இருக்கும்.

இந்தப் படத்தை 1930-களில் ஹைடல்பெர்கரும் கெண்டலும் அளந்து காட்டினார்கள்; வலை என்ற விளக்கத்தை மாராக் 1934-இல் முன்வைத்தார். அந்தச் சோதனை எளிமையானது, ஆனால் விஷயத்தைக் கையில் கொடுத்துவிடும். வரிசையாக டியூப்களில் ஒரே அளவு ஆன்டிசீரம். ஆன்டிஜெனை மட்டும் டியூபுக்கு டியூப் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வீழ்படிவு கூடிக்கொண்டே வந்து, உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையும். அப்புறம் முக்கியமான வேலை: ஒவ்வொரு டியூபையும் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த திரவத்தை எடுத்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்றில் கொஞ்சம் புது ஆன்டிஜென், மற்றதில் கொஞ்சம் புது ஆன்டிசீரம். ஆன்டிஜென் சேர்த்ததும் கலங்கினால், அந்த டியூபில் ஆன்டிபாடி மிச்சம். ஆன்டிசீரம் சேர்த்ததும் கலங்கினால், ஆன்டிஜென் மிச்சம். இரண்டுக்கும் கலங்கவில்லை என்றால், அதுதான் சமநிலை. டியூபில் ஒன்றும் விழாததால் ஒன்றும் வினை நடக்கவில்லை என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதை இந்தச் சோதனை நேரடியாகக் காட்டிவிடும்.

வீழ்படிவும் திரட்சியும் ஒரே தத்துவம்தான், ஆனால் அளவில் பெரிய வித்தியாசம். வீழ்படிவில் கரைந்த மூலக்கூறுகளை வலையாகக் கட்ட வேண்டும், அதற்கு நிறைய ஆன்டிபாடி தேவை. திரட்சியில் ஆன்டிஜென் ஏற்கெனவே ஒரு துகளின் மேல் ஒட்டியிருக்கிறது. ஏ வகைச் சிவப்பணு ஒன்றின்மேல் ஏ பிடிகள் சுமார் 10 லட்சம். இரண்டு அணுக்களை இணைக்க அதில் சிறு பங்கு போதும் என்பதால், குறைந்த ஆன்டிபாடியிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

திரட்சியில் தூரமும் ஒரு சிக்கல். சிவப்பணுக்களின் மேல்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் உப்புக்கரைசலில் அவை ஒன்றையொன்று தள்ளி, சுமார் 25 நானோமீட்டர் இடைவெளியில் நிற்கும். ஐஜிஜியின் இரண்டு கைகளின் வீச்சு அதைவிடக் குறைவு. ஐஜிஎம் எட்டிப் பிடித்துவிடும். அதனால்தான் ஆர்எச் டி பிடிக்கு எதிரான ஐஜிஜி, அணுக்களின்மேல் உறுதியாக உட்கார்ந்திருந்தும் உப்புக்கரைசலில் திரட்சி காட்டுவதில்லை. கூம்ப்ஸ் சீரம் சேர்த்து, உட்கார்ந்திருக்கும் ஐஜிஜிகளை இன்னொரு ஆன்டிபாடியால் கோத்தால்தான் தெரியும். அதோடு, ஐஜிஜியின் இரண்டு கைகளும் ஒரே துகளின் மேலேயே இரண்டு பிடிகளைப் பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவிடிட்டி கூடும், ஏனென்றால் இரண்டு கைகளும் வேலை செய்கின்றன. பாலம் மட்டும் இல்லை. நல்ல அவிடிட்டி இருந்தும் திரட்சி குறையும் நிலை இதுதான். அவிடிட்டியையும் திரட்டும் திறனையும் ஒன்றாக நினைப்பவர்கள் இந்த இடத்தில் குழம்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் கார்டுக்கு வருவோம். ஆர்பிஆர் ஆன்டிஜென் என்பது கார்டியோலிபின், லெசித்தின், கொலஸ்ட்ரால் ஆகியவை சேர்ந்த நுண்துகள்கள். அதோடு கரித்தூள் கலந்திருக்கும், துகள்கள் திரளும்போது கரி அதில் மாட்டிக்கொண்டு கறுப்புக் கட்டியாகத் தெரியும். ஒவ்வொரு வட்டத்திலும் 50 மைக்ரோலிட்டர் சீரம், அதன்மேல் ஒரு துளி ஆன்டிஜென், சுமார் 17 மைக்ரோலிட்டர். நிமிடத்துக்கு 100 சுற்று வீதம் 8 நிமிடம் சுழற்றிவிட்டு நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறோம். எந்த வட்டமானாலும் ஆன்டிஜென் துளி மாறுவதில்லை. டைல்யூட் செய்யும்போது மாறுவது ஆன்டிபாடி மட்டுமே. அதாவது டைல்யூஷன் வரிசை என்பது ஹைடல்பெர்கரின் டியூப் வரிசையை மறுபக்கத்திலிருந்து செய்வதுதான்.

என் பெஞ்சில் வந்த ஒரு சாம்பிளை அப்படியே சொல்கிறேன். முதல் நாள் டைல்யூட் செய்யாமல் போட்டதில் கட்டி இல்லை. நெகட்டிவ் கன்ட்ரோலில் கரி ஒரே சீராக, வழவழவென்று சாம்பல் நிறத்தில் பரவியிருக்கும். இதில் அப்படி இல்லை. மணல் தூவினாற்போல் கொஞ்சம் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பைப் பொருட்படுத்தாமல் நெகட்டிவ் என்றே எழுதினேன். உள்ளங்கையில் தடிப்புகளோடு வந்தவர், சிபிலிஸ் கிருமிக்கே எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ட்ரிபோனீமா டெஸ்டும் பாசிட்டிவ் என்று டாக்டர் சொன்ன பிறகு மறுபடி எடுத்தேன். இரண்டாவது வட்டத்திலிருந்து ஐந்தாவது வட்டம் வரை 50 மைக்ரோலிட்டர் உப்புக்கரைசல் விட்டு, முதல் இரண்டு வட்டங்களில் 50 மைக்ரோலிட்டர் சீரம் விட்டேன். இரண்டாவதைக் கலக்கி, அதிலிருந்து 50 எடுத்து மூன்றாவதில், இப்படியே ஐந்தாவது வரை, கடைசியில் 50-ஐ வீசிவிடுவது. 1:2-இலும் அதே சொரசொரப்பு. 1:4-இல் ஓரத்தில் சின்னக் கட்டிகள். 1:8-இல் தெளிவான கட்டிகள். 1:16-இல் சந்தேகத்துக்கே இடமில்லாமல் பெரிய கறுப்புத் திட்டுகள், நடுவே தெளிந்த பின்னணி.

1:16-ஐத் தாண்டி டைல்யூட் செய்யும்போது வெறும் உப்புக்கரைசலை விட்டுவிட்டு, நெகட்டிவ் சீரம் 1:50 கலந்த உப்புக்கரைசலைப் பயன்படுத்த வேண்டும். சீரப் புரதம் மிகவும் குறைந்துவிட்டால் ஆன்டிஜென் துகள்களின் நடத்தையே மாறிவிடும். அந்தக் கரைசலில் தொடர்ந்தபோது 1:128 வரை நல்ல கட்டி, 1:256-இல் சின்னக் கட்டி, 1:512-இல் ஒன்றுமில்லை. கட்டி தெரியும் கடைசி டைல்யூஷன்தான் டைட்டர்; இங்கே அது 256.

இப்போது அந்த எண்ணைப் பின்னோக்கிப் படியுங்கள். 1:256-இல் இருந்த ஆன்டிபாடியே ஒரு துளி ஆன்டிஜெனைத் திரட்டப் போதுமானது. டைல்யூட் செய்யாத வட்டத்தில் அதே துளிக்கு அதைப்போல் 256 மடங்கு ஆன்டிபாடி வந்து மோதியது. பிடிகள் எல்லாம் ஒற்றைக் கைகளால் நிரம்பி, பாலத்துக்கு இடமில்லாமல் போனதில் வியப்பில்லை. அங்கங்கே கொஞ்சம் பாலம் அமைந்ததுதான் அந்தச் சொரசொரப்பு.

இது அடிக்கடி வருவதல்ல. டைட்டர் மிக உயர்ந்திருக்கும் இரண்டாம் நிலை சிபிலிசில்தான் பெரும்பாலும் வரும். கர்ப்பத்திலும் எச்ஐவி தொற்றிலும் கவனமாக இருக்க வேண்டும். எல்லா சாம்பிளையும் டைல்யூட் செய்ய வேண்டியதில்லை. சொரசொரப்பான தோற்றம், நோயாளியின் அறிகுறிகளோடு பொருந்தாத நெகட்டிவ், ட்ரிபோனீமா டெஸ்ட் பாசிட்டிவாக இருந்தும் ஆர்பிஆர் நெகட்டிவ், இவற்றில் ஒன்று இருந்தால் 1:16 வரை போட்டுப் பார்ப்பது நல்லது. ட்ரிபோனீமா பாசிட்டிவ், ஆர்பிஆர் நெகட்டிவ் என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு: பழைய, சிகிச்சை முடிந்த தொற்று, அல்லது மிகவும் ஆரம்பக் கட்டம். பிரித்தறிவது கடினமல்ல. அவற்றில் டைல்யூட் செய்யச் செய்ய எங்கும் கட்டி வராது. புரோசோன் என்றால் நடு வட்டங்களில் வந்துவிடும்.

அவிடிட்டி இதில் எங்கே நுழைகிறது என்று கேட்டிருந்தீர்கள். வலை அமையக்கூடிய விகித எல்லை எவ்வளவு அகலம் என்பதில் அது தலையிடுகிறது. தளர்வாகப் பற்றும் ஆன்டிபாடிகள் கட்டும் வலை, கொஞ்சம் விகிதம் தப்பினாலும், கொஞ்சம் வேகமாக அசைத்தாலும் அவிழ்ந்துவிடும். இறுக்கமாகப் பற்றுபவை கட்டும் வலை இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் எல்லை அகலமாவதோடு சரி, எல்லையே இல்லாமல் போவதில்லை. எவ்வளவு அவிடிட்டி இருந்தாலும், பிடிகள் எல்லாம் நிரம்பிய துகள்களுக்கிடையே பாலம் போட முடியாது.

ஆன்டிஜென் மிகுதியால் வரும் தவறும் இதே பெஞ்சில் உண்டு. இரத்தப் பிரிவு பார்க்கும்போது சிவப்பணுக் கரைசலை 2 முதல் 5 சதவீதத்தில் தயாரிக்காமல் மிகவும் அடர்த்தியாக எடுத்துவிட்டால், அணுக்களுக்குப் பங்கிடும்போது ஆன்டிபாடி போதாமல் பலவீனமான ஆன்டிசீரத்தில் திரட்சி மங்கிவிடும். ஒளிச்சிதறலை வைத்து அளக்கும் நெஃபலோமெட்ரியில் ஒரு புரதத்தைப் பார்க்கும்போது, அது இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு உயர்ந்திருந்தால் ஒளிச்சிதறல் குறைந்து, சாதாரண அளவு என்று கருவி காட்டிவிடலாம். இரண்டிலும் சாம்பிளை நீர்க்கச் செய்துதான் சரிபார்க்கிறோம், ஆனால் அங்கே நாம் குறைப்பது ஆன்டிஜெனை. உங்கள் கார்டில் குறைத்தது ஆன்டிபாடியை. ரிப்போர்ட்டில் டைட்டரை எழுதும்போது, டைல்யூட் செய்யாத வட்டம் நெகட்டிவாக இருந்தது என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். சிகிச்சைக்குப் பிறகு அடுத்த சாம்பிளைப் பார்ப்பவர் முதல் வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல் இருக்க அது உதவும்.